தீம் மாறினால் எழுத்து ஏன் வழிகிறது?

பவர்பாயின்ட்டில் தயாரித்த பன்னிரண்டு ஸ்லைடுகளுக்குப் புதிய தீம் ஒன்றைப் போடுகிறோம். நிறம் அழகாக மாறுகிறது. ஆனால் கடைசி இரண்டு வரிகள் பெட்டிக்குக் கீழே வழிந்து நிற்கின்றன. காரணம், தீம் என்பது வெறும் நிறமல்ல. எழுத்துரு, எழுத்தின் அளவு, பெட்டியின் இடம், உயரம் எல்லாமே அதோடு சேர்ந்து வருகின்றன. பழைய தீமில் 24 அளவில் இருந்த எழுத்து புதியதில் 28 ஆகி, பெட்டியும் குட்டையாகியிருந்தால் வழியாமல் என்ன செய்யும்?

பலர் ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து எழுத்தைச் சுருக்குகிறார்கள். அது வீண் உழைப்பு. ஸ்லைடுக்கு ஸ்லைடு அளவும் மாறிவிடும். சரிசெய்ய வேண்டிய இடம் View பட்டியலில் உள்ள Slide Master. இடப்பக்கம் மேலே பெரிதாக இருப்பது மாஸ்டர், அதன் கீழே உள்ளவை லேஅவுட்கள். ஒரு லேஅவுட்டின் மேல் மவுஸை வைத்தால், அதை எந்த ஸ்லைடுகள் பயன்படுத்துகின்றன என்று தெரியும். வழிகிற ஸ்லைடுகளுக்குரிய லேஅவுட்டைத் தேர்ந்து, பெட்டியின் கீழ்விளிம்பை இழுத்து நீட்டுங்கள். முதல்நிலை வரியை 24 ஆக்குங்கள். பிறகு Close Master View.

சில ஸ்லைடுகள் அப்போதும் மாறாது. முன்பு கையால் திருத்தியவை அவை. அவற்றைத் தேர்ந்து Home பட்டியலில் Reset கொடுத்தால் லேஅவுட்டுக்குத் திரும்பும். நீங்கள் தனியாகக் கொடுத்த தடித்த எழுத்தும் நிறமும் போய்விடும் என்பதால், முதலில் ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது. Text Box மூலம் நீங்களே வரைந்த பெட்டிகளை மட்டும் கையால்தான் திருத்த வேண்டும். அவை லேஅவுட்டோடு இணைந்தவை அல்ல.