வர்க்கமும் கனமும் சேரும் ஆறு

100-க்கு வர்க்கமூலம் எடுத்தால் சுத்தமாக 10 வரும். கனமூலம் எடுத்தால் 4.64 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும். 27-இல் கதை தலைகீழ்: கனமூலம் 3, ஆனால் வர்க்கமூலம் அடங்காது. 64-க்கு வாருங்கள். வர்க்கமூலம் 8, கனமூலம் 4. இரண்டும் முழு எண்கள். 1-ஐ விட்டுவிட்டால், இப்படி இரண்டு மூலத்துக்கும் மடங்கிக்கொடுக்கும் முதல் எண் 64-தான். அடுத்தது 729 (27, 9). இடையில் ஒன்றுகூடக் கிடையாது.

காரணம் எளிது. 64 என்பது இரண்டின் ஆறாம் அடுக்கு, 729 என்பது மூன்றின் ஆறாம் அடுக்கு. ஆறைப் பாதியாக்கினால் மூன்று, மூன்றாக வகுத்தால் இரண்டு. இந்தச் சின்ன விஷயம்தான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை மிரட்டும் ஒரு தொகையீட்டைத் திறக்கும் சாவி:

∫ dx / (√x + ∛x)

என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், தொகையிடல் பாடத்தின் கடைசிப் பயிற்சியில் இந்தக் கணக்கு இருக்கிறது. பக்கத்திலேயே x = t⁶ என்று போடச் சொல்லி ஒரு குறிப்பும் உண்டு. குறிப்பு இருப்பதாலேயே பலர் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அடுத்த கணக்கில் வர்க்கமூலத்தோடு நான்காம் மூலம் வந்தாலும் t⁶ என்றே எழுதிவிட்டு முழிப்பார்கள்.

குறிப்பை மறைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். முதலில் கை போவது வர்க்கமூலத்தின் மேல். √x = t என்று வைத்தால் x = t². வர்க்கமூலம் போய்விட்டது, ஆனால் கனமூலம் t-யின் மூன்றில் இரண்டு அடுக்காகப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சரி, ∛x = t என்று மாற்றிப் போட்டால் x = t³. இப்போது கனமூலம் ஒழிந்தது, வர்க்கமூலம் மிஞ்சியது. ஒன்றை அமுக்கினால் மற்றொன்று கிளம்புகிறது. இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி x = t⁵ போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு; அதில் இரண்டுமே பின்ன அடுக்காகத்தான் நிற்கும்.

தேவைப்படுவது இரண்டாலும் மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும் அடுக்கு. அவற்றில் சிறியது 6, அதாவது 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு. x = t⁶ என்று எழுதும்போது, ஒவ்வொரு x-ஐயும் 64-ஐப் போல நடந்துகொள்ளச் செய்கிறோம். √x என்பது t³, ∛x என்பது t². t என்பது x-இன் ஆறாம் மூலம்.

இனி dx. x = t⁶ என்பதை வகையிட்டால் dx = 6t⁵ dt. தொகையீடு இப்படி மாறுகிறது:

∫ 6t⁵ dt / (t³ + t²) = 6 ∫ t³ dt / (t + 1)

மூலக்குறி ஒன்றுகூட இல்லை. மிச்சம் ஒன்பதாம் வகுப்பில் படித்த நீள்வகுத்தல்தான். t³-ஐ t + 1-ஆல் வகுத்தால் ஈவு t² − t + 1, மீதி −1. உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால்:

6 [ t³/3 − t²/2 + t − ln(t + 1) ] + C

t-யை மறுபடி x-க்குத் திருப்பினால் விடை:

2√x − 3∛x + 6x^(1/6) − 6 ln(1 + x^(1/6)) + C

கேள்வியில் இல்லாத ஆறாம் மூலம் விடையில் எப்படி வந்தது என்ற சந்தேகம் நியாயமானது. உண்மையில் அது கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது. பகுதியிலிருந்து ∛x-ஐ வெளியே எடுங்கள். அடைப்புக்குள் 1 + x^(1/6) மிஞ்சும்.

12-உம் பொது மடங்குதானே, x = t¹² போட்டால் என்ன? போடலாம், தப்பில்லை. 12t⁷/(t² + 1) என்று வரும், வகுத்தல் நீளும், விடை அதேதான். மதுரைக்குப் போக வேண்டியவர் தூத்துக்குடி வரை போய்த் திரும்பியது போல.

இந்த வகைக் கணக்கில் விடை சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, dx-ஐ வெறும் dt என்று எழுதிவிடுவது. இன்னொன்று, 1/(√x + ∛x) என்பதை 1/√x + 1/∛x என்று உடைப்பது. பகுதியில் உள்ள கூட்டலை அப்படிப் பிரிக்க முடியாது என்று தெரிந்தவர்களே அவசரத்தில் இதைச் செய்வார்கள். மூன்றாவது, எல்லைகள் கொடுக்கப்பட்டிருந்தால் அவற்றை மாற்ற மறப்பது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லைகள் 1 முதல் 64 வரை என்று வைத்துக்கொள்வோம். x = 1-இல் சார்பின் மதிப்பு 1/2. x = 64-இல் 1/(8 + 4), அதாவது 1/12. இடையில் அது இறங்கிக்கொண்டே வருகிறது. அகலம் 63. ஆகவே பரப்பு 63-இல் பாதியான 31.5-ஐத் தாண்டவே முடியாது. 63-ஐ 12-ஆல் வகுத்து வரும் 5.25-க்குக் கீழே போகவும் முடியாது.

சரியாகச் செய்தால் t-யின் எல்லைகள் 1, 2. விடை 11 − 6 ln 1.5, ஏறக்குறைய 8.57. வேலிக்குள் இருக்கிறது. பகுதியை உடைத்தவருக்கு 36.5 வரும், வேலியைத் தாண்டிவிட்டது. எல்லையை மாற்றாமல் t-க்கே 1, 64 என்று போட்டவருக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வரும்! இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். தேர்வறையில் யாரும் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். dx-ஐ மறந்தவரின் விடையோ 0.21 அளவில், வேலிக்கு வெகு கீழே கிடக்கும்.

எல்லா மூலங்களும் ஒரே ஒருபடிக் கோவையின் மூலங்களாக இருக்கும்வரை இந்த உத்தி கைகொடுக்கும். √(2x + 1), ∛(2x + 1) என்று வந்தால் 2x + 1 = t⁶ போட்டு முடித்துவிடலாம். √x-உம் ∛(x + 1)-உம் சேர்ந்து வந்தால் நிலைமை வேறு. x = t⁶ போட்டாலும் ∛(t⁶ + 1) அசையாமல் நிற்கும்.

எங்கே முடியும், எங்கே முடியாது என்பதற்கு ஒரு பெரிய வகைக்குத் தீர்வு தந்தவர் ரஷ்யக் கணிதர் செபிஷேவ். x^m (a + bx^n)^p என்ற வடிவத்தில், m, n, p விகிதமுறு எண்களாக இருக்கும்போது, மூன்று நிலைகளில் மட்டுமே தொகையீட்டை நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளால் எழுத முடியும் என்று 1853-இல் நிறுவினார். அதில் முதல் நிலை, p முழு எண்ணாக இருப்பது. நம் கணக்கை x^(−1/3) (1 + x^(1/6))^(−1) என்று எழுதினால் p = −1. அந்த நிலைக்கு உரிய பிரதியீடு, m, n ஆகியவற்றின் பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டு அதை t-யின் அடுக்காக வைப்பது. இங்கே பகுதிகள் 3, 6. மடங்கு 6.