கேபி வரம்புக்குள் புகைப்படமும் கையொப்பமும்

வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் இணைய விண்ணப்பத்தில் புகைப்படக் கோப்பு 20 முதல் 50 கேபிக்குள்ளும், கையொப்பக் கோப்பு 10 முதல் 20 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். புகைப்படத்துக்கு 200 x 230 பிக்சலும், கையொப்பத்துக்கு 140 x 60 பிக்சலும் விரும்பத்தக்க அளவுகள். மேல்வரம்பைப் போலவே கீழ்வரம்பும் உண்டு. பலருடைய கோப்புகள் திரும்பி வருவது அதைக் கவனிக்காததால்தான்.

பிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. கேபி என்பது கோப்பின் எடை. ஜேபெக் கோப்பில் இந்த எடையை இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை புள்ளிகள், அவை எவ்வளவு இறுக்கமாகச் சுருக்கப்பட்டுள்ளன என்பவை. எனவே முதலில் வெட்டி, அடுத்து பிக்சலைக் குறைத்து, கடைசியாகத் தரத்தை மாற்ற வேண்டும்.

கைபேசியில் எடுத்த 3000 x 4000 பிக்சல் படத்தை எடுத்துக்கொள்ளலாம். அதை நேரடியாக 200 x 230 ஆக்கினால் முகம் அமுங்கி அகன்றுவிடும். அதனால் முதலில் 3000 x 3450 ஆக வெட்ட வேண்டும். இரண்டின் விகிதமும் ஒன்றே. பிறகு இலவச மென்பொருளான கிம்ப்பில் Scale Image மூலம் 200 x 230 ஆக்கி, Export As வழியாக ஜேபெக்காகச் சேமிக்கலாம். அப்போது வரும் Quality பட்டையை நகர்த்தினால் கேபி கூடும், குறையும். முன்னோட்டத்தை இயக்கினால் கோப்பின் அளவு அங்கேயே தெரியும். வரம்பின் விளிம்பில் நிற்காமல் 30, 40 கேபியில் நிறுத்துவது பாதுகாப்பானது.

கையொப்பத்தில் சிக்கல் தலைகீழானது. 140 x 60 என்றால் மொத்தம் 8,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம் சுருக்காமல் வைத்தாலே ஏறத்தாழ 25 கேபிதான். பெரும்பகுதி வெள்ளைத்தாள் என்பதால் ஜேபெக் அதை எளிதாகச் சுருக்கி 10 கேபிக்குக் கீழே கொண்டுபோய்விடும். தரத்தை 100 வரை உயர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் எட்டாவிட்டால், பிக்சல் அளவைக் கட்டாயமாக்காத படிவங்களில் அதே விகிதத்தில் 280 x 120 ஆக வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் இட்டு, நிழல் விழாமல் எடுத்து, எழுத்தை ஒட்டி வெட்டிய கையொப்பமே சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும்.

ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மீண்டும் சுருக்கக்கூடாது. ஜேபெக்காகச் சேமிக்கும்போது நுணுக்கங்கள் சில அழிகின்றன. பின்னர் பிக்சலைக் கூட்டினாலும் அவை திரும்பா. வாட்ஸ்அப்பில் படமாக வந்ததும் பெரும்பாலும் சுருக்கப்பட்டதே. அளவு தவறினால் மூலப்படத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். பிஎன்ஜி கோப்பின் பெயரில் .jpg என்று மாற்றி எழுதினாலும் அது ஜேபெக் ஆகிவிடாது.

பதிவேற்றும் முன் விண்டோஸில் கோப்பின் Properties-ஐத் திறந்து Size வரியைப் பார்க்க வேண்டும். Size on disk அல்ல. அது வட்டில் கோப்பு பிடிக்கும் இடத்தைக் காட்டுவது. இறுதியாகப் படத்தை அதன் உண்மை அளவில் திறந்து பார்த்தால், முகமும் கையொப்பக் கோடுகளும் தெளிவாக உள்ளனவா என்பது தெரிந்துவிடும்.