ஸ்ட்ரூப் விளைவு: நாற்பத்தேழு செக்கன்களின் பொருள்

1935 ஆம் ஆண்டு ஜே. ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட ஆய்வின் இரண்டாம் பரிசோதனையிலே, கல்லூரி மாணவர் நூறு நிறச்சதுரங்களின் நிறங்களைச் சொல்லி முடிக்கச் சராசரியாக 63.3 செக்கன்கள் எடுத்தனர். அந்நிறங்களே, வேறொரு நிறத்தின் பெயரைச் சுட்டும் சொற்களின் மைநிறமாக அமைந்தபோது, 110.3 செக்கன்கள் சென்றன. ஆய்வுகூட அறிக்கையின் கலந்துரையாடற் பகுதி தொடங்கவேண்டிய இடம் இவ்விரண்டுக்குமிடையிலான 47 செக்கன்களேயாகும்.

‘சிவப்பு’ என்னும் சொல்லின் பொருள் பச்சை மையோடு முரண்பட்டமையே இத்தாமதத்துக்குக் காரணம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், சதுரம் ஒரு சொல்லன்று. எனவே இவ்வொப்பீட்டில் இரு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: வாசிக்கத்தக்க ஒரு சொல் புகுகின்றது, அச்சொல் நிறத்தோடு முரண்படவும் செய்கின்றது. நிறத்தோடு தொடர்பற்ற சொற்களும் ஓரளவு தடையை விளைவிப்பதையும், சொல்லின் பொருள் நிறங்களை நெருங்குந்தோறும் தடை மிகுவதையும் 1964 இல் கிளைன் காட்டினார். ஆகவே 47 செக்கன்கள் முழுவதையும் பொருள் முரணின் கணக்கிலே எழுதுதல் பொருந்தாது. ‘மேசை’ போன்ற சொற்களை நிறமைகளில் அச்சிட்ட மூன்றாவது அட்டையொன்று இருந்தாலன்றி இவ்விரு பகுதிகளையும் பிரித்தறிய இயலாது.

அட்டையை முழுமையாக வாசிப்பித்து மொத்த நேரத்தை மட்டும் அளத்தலும் ஒரு குறைபாடே. நூறு சொற்களிலும் தாமதம் சீராகப் பரந்திருந்ததா, அன்றிச் சில இடங்களில் தடுமாறித் திருத்தியதால் நேர்ந்ததா என்பது மறைந்துபோகின்றது. சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பிழைகளைத் தனியே பதிவு செய்தல் விரும்பத்தக்கது.

இனி, விளக்கத்துக்கு வருவோம். நிறம் கூறுவதிலும் வாசிப்பு விரைவானது. முந்தி வந்த விடை பிந்தியதைத் தடுக்கின்றது என்பது பழைய கருத்து. 1984 இல் டன்பாரும் மக்லியொட்டும் சொற்களைத் தலைகீழாகவும் திருப்பியும் அச்சிட்டு, வாசிப்பை நிறங்கூறுவதிலும் மந்தமாக்கினர். தடை அப்பொழுதும் நீங்கவில்லை. இதனால், விரைவை மட்டும் கூறி முடியும் கலந்துரையாடலை நாம் முழுமையானதாகக் கொள்வதற்கில்லை.

தமிழில் இப்பரிசோதனையை நடத்துவோர் முதலிற் கவனிக்கவேண்டியது நிறப்பெயர்த் தெரிவு. எமது பாடநூல்கள் ‘கபிலம்’ என்பதை வீட்டிலே ‘மண்ணிறம்’ என்போர் பலர். அட்டையிலுள்ள சொல்லும் பங்குபற்றுவோர் வாயில் வரும் பெயரும் வேறாயின், அச்சொல் விடைகளுள் ஒன்றாகாது, தடையும் குறையக்கூடும். குறைந்த தடையை எழுத்து வடிவத்தின் இயல்பென்று கொள்ளும் ஆபத்து இங்குண்டு. ஆதலால், முதலில் வெறும் நிறத்தாள்களைக் காட்டி, ஒவ்வொருவரும் இயல்பாகச் சொல்லும் பெயரைக் குறித்துக்கொண்டு, அப்பெயர்களைக் கொண்டே அட்டைகளை ஆக்குதல் வேண்டும். விடையை வாயாற் கூறாது பொத்தானை அழுத்தித் தெரிவிக்கும் முறையையும் உடன்வைத்து ஒப்பிட்டால், தடையில் எவ்வளவு பங்கு பெயர்கூறும் செயலுக்குரியது என்பதும் புலனாகும்.