விளக்கு எரிகிறது, எண்ணிக்கை ஏறவில்லை

திருப்பூர் நிட்டிங் மெஷின்களில் துணி ரோலை எப்போது வெட்ட வேண்டும் என்பதைச் சுற்றுக் கணக்குதான் முடிவு செய்கிறது. 1,000 சுற்றுக்கு 20 கிலோ வர வேண்டிய ரோல் 20.8 கிலோ வந்தால், மெஷின் 1,040 சுற்று ஓடியிருக்கிறது என்று பொருள். 40 சுற்றை எண்ணாமல் விட்டது பெரும்பாலும் பிராக்ஸிமிட்டி சென்சார் பக்கத்துக் கோளாறுதான். பஞ்சு படிந்திருக்கும் என்று உடனே துணியை எடுத்துத் துடைப்பார்கள். இந்தச் சென்சார் உலோகத்தை மட்டுமே உணரும். பஞ்சும் எண்ணெயும் அதன் கண்ணை மறைப்பதில்லை. துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் இடைவெளியைப் பார்க்க வேண்டும். சுழலும் பாகத்தில் ஒரு போல்ட் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது சென்சாரின் முகத்தைக் கடந்து போகும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணச் சென்சாரின் மேல் 2 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அது போதிய அகலமுள்ள இரும்புத் தகட்டை வைத்து அளந்த தூரம். வெப்பம், மின்னழுத்த மாற்றம் எல்லாவற்றையும் தாங்கி உறுதியாக வேலை செய்வது அதில் 81 சதவீதம், அதாவது 1.6 மில்லிமீட்டர்தான். துருப்பிடிக்கிறதே என்று யாராவது எவர்சில்வர் போல்ட் மாட்டியிருந்தால் தூரம் இன்னும் குறையும். அலுமினியம், பித்தளை என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். ஃபீலர் கேஜ் வைத்து 1 மில்லிமீட்டருக்குச் சரிசெய்வது நல்லது.

மெஷினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சென்சார் விளக்கு அழகாக எரியும். ஓட்டத்தில் நிலைமை வேறு. போல்ட் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், நிமிடத்துக்கு 25 சுற்றில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 13 மில்லிமீட்டர் அகலத் தலை சென்சாரைக் கடக்க ஏறத்தாழ 11 மில்லி செகண்ட் ஆகும். இடைவெளி கூடிவிட்டால் சென்சார் அந்தத் தலையின் நடுப்பகுதியை மட்டுமே உணரும். துடிப்பு இன்னும் குறுகிவிடும். மின் இரைச்சலை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக பிஎல்சியின் இன்புட்டில் ஒரு ஃபில்டர் நேரம் இருக்கிறது. அது 10 மில்லி செகண்ட் என்று இருந்தால், அதைவிடக் குறுகிய துடிப்பை பிஎல்சி கண்டுகொள்ளாது. போல்டுக்குப் பதில் 40 மில்லிமீட்டர் நீள இரும்புப் பட்டையை வைத்தால் அதே வேகத்தில் 34 மில்லி செகண்ட் கிடைக்கும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து சப்ளை. மீட்டரை டிசியில் வைத்தால் 24 வோல்ட் காட்டும். அது சராசரி மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய சப்ளையில் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால், அந்த 24 உள்ளுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மெஷின் ஓடும்போது, சென்சாரின் பிரவுன், நீல வயர்களுக்கு நடுவே மீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். ஏற்ற இறக்கம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீட்டரில் அது சுமார் 0.7 வோல்டாகத் தெரியும். மலிவான சில மீட்டர்கள் ஏசியில் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும். ஒரு பேட்டரியில் வைத்துப் பார்த்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் சந்தேகம் முதலில் போவது வயரிங்மேல்தான். பிஎன்பி சென்சார் உலோகத்தைக் கண்டதும் கறுப்பு வயரில் 24 வோல்டைக் கொடுக்கும். என்பிஎன் அதே வயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். பிஎல்சி இன்புட்டின் காமன் பூஜ்யத்தில் இணைந்திருந்தால் பிஎன்பிதான் வேண்டும். பழுதான இடத்தில் கடையில் கிடைத்த என்பிஎன்னை மாட்டினால் சென்சார் விளக்கு எரியும், பிஎல்சி விளக்கு எரியாது. ஒரு சுற்றுகூட எண்ணாது. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: கறுப்பு வயருக்கும் 24 வோல்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். எண்ணிக்கை தலைகீழாக, போல்ட் விலகும்போது ஏறத் தொடங்கும். வேலை முடிந்தது என்று பேனலை மூடிவிடுவார்கள்.

வினை அங்கேதான் இருக்கிறது. ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓம், இன்புட்டின் தடை 4.7 கிலோ ஓம் என்றால், இன்புட்டுக்குக் கிடைப்பது 16.3 வோல்ட். ஆன் என்று உறுதியாக ஏற்க 15 வோல்ட் வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகி சப்ளை 21 வோல்டுக்கு இறங்கினாலோ, ஏற்ற இறக்கத்தின் பள்ளம் அங்கே வந்தாலோ, இன்புட்டில் 14.3தான் மிஞ்சும். அப்போது பிஎல்சி அதை ஆன் என்று எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். நாளெல்லாம் சரியாக எண்ணிவிட்டு நடுவே நாலு சுற்றை விடுவது இதனால்தான். ஓட்டத்தில் இன்புட் முனையிலேயே வோல்டேஜை அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு பிஎன்பி சென்சார் போடுவதே சரி. சில பிஎல்சிகளில் காமனை 24 வோல்டுக்கு மாற்றியும் என்பிஎன்னை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே காமனில் இருக்கும் மற்ற பிஎன்பி சென்சார்கள் எல்லாம் செத்துப்போகும். நடுவே ரிலே வைக்கும் யோசனை வேண்டாம். சாதாரண ரிலே இழுத்துப் பிடிக்கவே 10 மில்லி செகண்ட் வரை கேட்கும். 11 மில்லி செகண்ட் துடிப்பு அதிலேயே கரைந்துவிடும்.