புல்வெட்டும் ரோபோவும் கூரையில் ஒரு ஆன்டெனாவும்

ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் தானாக ஊர்ந்து புல் வெட்டும் ரோபோக்களைப் பலர் காணொளிகளில் பார்த்திருப்பார்கள். அவற்றில் பழைய வகைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. தோட்டத்தின் ஓரம் முழுக்க மண்ணுக்குள் கம்பி புதைத்து அதில் மெல்லிய மின்சாரம் ஓடவிடுவார்கள். கம்பியை உணர்ந்ததும் ரோபோ திரும்பி, வாய்த்த திசையில் போகும். போதுமான நேரம் இப்படிச் சுற்றினால் ஒரு வழியாகப் புல் முழுவதும் வெட்டப்பட்டுவிடும் என்ற கணக்குதான்.

ஜெர்மனியில் தொடங்கிய ‘ஓப்பன்மோவர்’ என்ற திறந்த மூலத் திட்டம் இந்த மலிவான ரோபோ ஒன்றின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்றி, செயற்கைக்கோள் ரிசீவர் ஒன்றைச் சேர்க்கிறது. அதன்பின் கம்பி வேண்டாம். ரோபோவை ஒருமுறை கையால் இயக்கித் தோட்டத்தின் எல்லையைச் சுற்றிக் காட்டினால், அது நினைவில் வைத்துக்கொண்டு வரிவரியாக வெட்டும். பூச்செடிக்கும் புல்லுக்கும் நடுவே போக வேண்டிய வண்டிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியம் தேவை. திறந்த வெளியில்கூட உங்கள் செல்போன் காட்டும் இடம் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளியிருக்கும். அப்படியானால் அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது?

சாதாரண ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அனுப்பும் ஒரு குறியீட்டைப் பிடித்து, அது வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்க்கிறது. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். இந்தக் குறியீட்டின் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். அதில் நூற்றில் ஒரு பங்கு வரை நுணுக்கமாகப் பார்த்தாலும் மூன்று மீட்டர்தான் கிடைக்கும். ஆனால் அந்தக் குறியீட்டைச் சுமந்துவரும் ரேடியோ அலையின் நீளம் வெறும் 19 சென்டிமீட்டர். அலையின் எந்தப் புள்ளி இப்போது ஆன்டெனாவைத் தொடுகிறது என்பதை ரிசீவர் சில மில்லிமீட்டருக்குள் சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால், செயற்கைக்கோளுக்கும் நமக்கும் இடையே இப்படி எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக இருந்தும் எண்கள் அழிந்துபோன அளவு நாடாவைக் கையில் வைத்திருப்பது மாதிரி.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் பேஸ் ஸ்டேஷன். வீட்டுக் கூரையில் அசையாமல் பொருத்திய இன்னொரு ரிசீவர் அது. செயற்கைக்கோளின் கடிகாரப் பிழை, சுற்றுப்பாதைப் பிழை, காற்று மண்டலத்தில் அலை தாமதமாவது ஆகிய எல்லாம் கூரைக்கும் தோட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. பேஸ் ஸ்டேஷன் தான் அளந்ததையும் தன் இருப்பிடத்தையும் நொடிக்கு ஒருமுறை வைஃபை வழியாகவோ சிறிய ரேடியோ வழியாகவோ ரோபோவுக்கு அனுப்புகிறது. தன் அளவிலிருந்து அதைக் கழித்ததும் பொதுவான பிழைகள் போய்விடுகின்றன. மிஞ்சுவது இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையிலான தூரமும் அந்த முழு எண்களும் மட்டுமே.

எண்கள் முழு எண்களாகத்தான் இருந்தாக வேண்டும் என்பதே இங்கே பிடிமானம். ரிசீவர் முதலில் தசமத்தோடு தோராயமாகக் கணக்கிடும். இந்த நிலைக்கு ஃப்ளோட் என்று பெயர். பிழை சில பத்து சென்டிமீட்டர் இருக்கும். பிறகு, எந்த முழு எண்களின் தொகுப்பு எல்லாச் செயற்கைக்கோள்களோடும் ஒருசேரப் பொருந்துகிறது என்று தேடும். இதை வேகமாகச் செய்யும் முறையை 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டுனிசன் வகுத்தார். ஒரு தொகுப்பு மற்றவற்றைவிடத் தெளிவாக முந்தினால் ரிசீவர் அதைப் பிடித்துக்கொண்டு ஃபிக்ஸ் என்று அறிவிக்கும். துல்லியம் சட்டென்று ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். ஓப்பன்மோவரில் புழங்கும் யு-பிளாக்ஸ் எஃப்9பி சிப் இரண்டு அலைவரிசைகளில் பல நாடுகளின் செயற்கைக்கோள்களைக் கேட்பதால், வானம் திறந்திருந்தால் இது சில நொடிகளில் முடிகிறது. மரத்தடியில் ஒரு கணம் சிக்னல் அறுந்தால் எண்ணிக்கை தொலைந்துவிடும், மறுபடி தேட வேண்டும். அந்த இடைவெளியைச் சக்கரச் சுழற்சியையும் கைரோவையும் வைத்து ரோபோ சமாளிக்கிறது.

அந்தச் சென்டிமீட்டர் எதிலிருந்து அளந்தது என்பதைப் பலர் கேட்பதில்லை. அது பேஸ் ஸ்டேஷனிலிருந்து அளந்தது. பேஸ் தன்னைப் பற்றிச் சொல்வது தவறாக இருந்தால் ரோபோவும் அதே அளவு தவறும். புதிதாக வைத்த பேஸ், சர்வே-இன் என்ற முறையில் சில நிமிடங்கள் தன் இடத்தின் சராசரியை எடுத்துக்கொள்ளும். அந்தச் சராசரி ஒரு மீட்டர்கூடப் பிசகலாம். பரவாயில்லை. ரோபோவின் வரைபடமும் அதே பிசகோடு பதிவாவதால் இரண்டும் ஒத்துப்போகும்.

இரவில் மின்சாரம் போய் வந்ததாக வைத்துக்கொள்வோம். பேஸ் மறுபடி சராசரி எடுக்கிறது, இந்த முறை தான் 70 சென்டிமீட்டர் கிழக்கே இருப்பதாக முடிவு செய்கிறது. ரோபோவும் தன்னை 70 சென்டிமீட்டர் கிழக்கே தள்ளியிருப்பதாக நினைக்கும். அதைச் சரிசெய்ய மேற்கே நகரும். மேற்கு ஓரத்துச் செடிகள் வெட்டுப்படும், கிழக்கு ஓரத்தில் 70 சென்டிமீட்டர் அகலத்துக்குப் புல் அப்படியே நிற்கும். இவ்வளவு நடந்தும் திரையில் ஃபிக்ஸ் என்றுதான் இருக்கும், பிழை ஒரு சென்டிமீட்டர் என்றுதான் காட்டும். தோட்டம் முழுக்க ஒரே திசையில், ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் பேஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தீர்வு எளிது. ஒருமுறை நீண்ட நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுக்க, சராசரி எடுத்துக் கிடைத்த ஆயத்தொலைவை பேஸுக்குள் நிரந்தரமாக எழுதிவிட வேண்டும். இனி அது தன் இடத்தைத் தேடக் கூடாது. சொந்த பேஸ் வேண்டாம் என்றால் இணையம் வழியாகத் திருத்தம் வாங்கலாம், இந்தியாவில் சர்வே ஆஃப் இந்தியாவின் நிலையங்கள் அந்தச் சேவையைத் தருகின்றன. ஆனால் தூரம் கூடக்கூட வானத்தின் பிழை பொதுவாக இல்லாமல் போகும். பத்து கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சேரும் என்பது ரிசீவர்காரர்களின் கணக்கு.

இன்னொரு கோளாறு பொய் ஃபிக்ஸ். வீட்டுச் சுவரை ஒட்டிப் போகும்போது பாதி வானம் மறையும், சுவரில் பட்டுத் திரும்பிய அலைகள் ஆன்டெனாவில் விழும். இந்தப் பிழை கூரையில் உள்ள பேஸுக்கு இல்லாததால் கழித்தாலும் போகாது. ரிசீவர் தவறான முழு எண்களைப் பிடித்துக்கொண்டு நிச்சயமாகச் சொல்லும். ரோபோ அரை மீட்டர் தள்ளிக் குதித்ததாகத் தெரியும், சக்கரமோ அப்படிச் சுழன்றிருக்காது. சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் இதைப் பிடித்துவிடும். மனிதர்கள் உயரத்தைப் பார்க்கலாம். சமமான புல்வெளியில் உயரம் திடீரென்று மாறினால் அந்த ஃபிக்ஸை நம்ப வேண்டாம்.

சந்தேகமிருந்தால் தரையில் ஒரு முளை அடித்து, ஆன்டெனா நேர் மேலே வரும்படி ரோபோவை அதன்மேல் நிறுத்துங்கள். ரிசீவரை அணைத்துப் போட்டு, புதிதாக ஃபிக்ஸ் வரவிட்டு, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து தடவை செய்து பத்தும் இரண்டு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் அந்த இடம் நல்ல இடம். இதைத் தோட்டத்தின் நடுவில் செய்வதில் பயனில்லை, சுவரோரத்திலும் மரத்தடியிலும் செய்ய வேண்டும். சோதனை தேறியும் சரிவில் மட்டும் வரி கோணினால் செயற்கைக்கோளைக் குறை சொல்லாதீர்கள். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனா, வண்டி பத்து டிகிரி சாய்ந்தால் ஐந்து சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். ரிசீவர் சொல்வது ஆன்டெனாவின் இடத்தை, கத்தியின் இடத்தை அல்ல.