பழுது மேசை – 17: சத்தம் வராத போர்டு

போன வாரம் பீப் சத்தத்தை எண்ணிப் பழுதைப் பிடிப்பது பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அந்தச் சத்தமும் வராத போர்டு. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும். மானிட்டர் கறுப்பாகவே இருக்கும், காதில் ஒன்றும் விழாது. சர்வீஸ் கடைகளில் 'நோ டிஸ்ப்ளே' என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பார்களே, அந்த ரகம்.

முதலில் ஒரு அற்பக் காரணத்தை ஒதுக்கிவிட வேண்டும். இப்போது வரும் பல கேபினட்டுகளில் பஸரே இருப்பதில்லை. போர்டில் SPEAKER என்று எழுதியிருக்கும் பின்களில் சின்ன பஸர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் டீபக் கார்டை எடுக்கலாம். போஸ்ட் கார்டு என்றும் சொல்வார்கள். பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகும் உள்ளங்கை அகலப் பலகை, அதில் இரண்டு இலக்க டிஸ்ப்ளே, ஓரத்தில் வரிசையாகச் சில எல்.இ.டி.கள். அவ்வளவுதான் கார்டு.

அது தானாக எதையும் சோதிப்பதில்லை. பயாஸ் ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் அந்த வேலைக்குரிய எண்ணை 80h என்ற போர்ட்டுக்கு எழுதிவிட்டுப் போகிறது. 1984இல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.சி. ஏ.டி. காலத்திலிருந்து இதுதான் வழக்கம். பயாஸுக்குள் அந்த இடம் இப்படி இருக்கும்:

```
mov al, 0C1h
out 80h, al
```

எழுதிய எண்ணை கார்டு பிடித்து வைத்துக் காட்டுகிறது, அடுத்த எண் வரும்வரை. ஆகவே டிஸ்ப்ளேயில் நிற்பது பழுதின் பெயர் இல்லை. பயாஸ் கடைசியாக எந்த வேலையில் கை வைத்தது என்பதற்கான குறி. கார்டோடு வரும் கையேட்டில் 'C1 – மெமரி' என்று பார்த்ததும் புது ராம் வாங்க ஓடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் பணத்தை விடுகிறார்கள்.

எஸ்.எம்.பி.எஸ். ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கார்டைச் செருக வேண்டும். பவர் பட்டனை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்டாண்ட்பை 5 வோல்ட் போர்டில் இருந்துகொண்டே இருக்கும்.

ஆன் செய்ததும் கண் எண்ணுக்குப் போகக் கூடாது, எல்.இ.டி.களுக்குப் போக வேண்டும். 12V, 5V, 3.3V விளக்குகள் எரிந்தால் ஸ்லாட்டுக்குக் கரண்ட் வருகிறது. CLK எரிந்தால் கிளாக் ஓடுகிறது. முக்கியமானது RST. ஆன் செய்த கணத்தில் மின்னி அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் போர்டு இன்னும் ரீசெட்டிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ப்ராசசர் முதல் கட்டளையைக்கூடப் படித்திருக்காது. அந்த நிலையில் டிஸ்ப்ளேயில் எந்த எண் இருந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. ப்ராசசர் வோல்டேஜ், பவர் குட் சிக்னல் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

இங்கே FF என்ற எண் பலரைக் குழப்பும். எந்த எண்ணுமே வராதபோது பல கார்டுகள் FF அல்லது 00 காட்டும். ஆனால் அவார்டு பயாஸ் எல்லா வேலையையும் முடித்து, ஹார்டு டிஸ்க்கிலிருந்து பூட் செய்யப் போகும்போது எழுதுவதும் FF. பழைய ஏ.எம்.ஐ. பயாஸில் அதே இடத்துக்கு 00. செத்த போர்டுக்கும் முழு ஆரோக்கியமான போர்டுக்கும் ஒரே எண்! ஆன் செய்த முதல் நொடியிலிருந்து பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். எண்கள் கடகடவென்று ஓடி FFஇல் நின்றால் போர்டு தன் வேலையை முடித்துவிட்டது. டிஸ்ப்ளே வரவில்லையென்றால் மானிட்டர் கேபிளையும் கிராபிக்ஸ் கார்டையும் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே FF என்றால் பயாஸ் பேசவே தொடங்கவில்லை, அல்லது பேச்சு கார்டை எட்டவில்லை. 6ஐயும் bஐயும் மாற்றிப் படித்துவிடாதீர்கள். 6க்கு மேலே கோடு உண்டு, bக்கு இல்லை.

ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். எல்.ஜி.ஏ. 775 சாக்கெட், டி.டி.ஆர்.3 ராம், அவார்டு பயாஸ். எடுத்து வந்தவர், "ஃபேன் மட்டும் ஓடுதுங்க, வேற ஒண்ணுமே இல்ல" என்றார். கார்டு போட்டதும் மின் விளக்குகள் சரி, CLK சரி, RST மின்னி அணைந்தது. எண் C1க்கு வந்து நின்றது. அவார்டில் C1 என்றால் எவ்வளவு ராம், எந்த வகை என்று கண்டறியும் இடம். ராமின் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து மறுபடி போட்டாயிற்று, அடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டாயிற்று, வேறு போர்டில் ஓடிக்கொண்டிருந்த ராமையும் போட்டாயிற்று. C1தான்.

அடுத்து ராமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்தோம். எண் அதே C1. ஆனால் இந்த முறை பஸர் நீளமாகக் கத்தியது! எண் மாறாவிட்டாலும் இதில் ஒரு தடயம் இருக்கிறது. ராம் இல்லாதபோது 'ராம் இல்லை' என்று கண்டுபிடித்துக் கத்துகிற அளவுக்கு ப்ராசசரும் பயாஸும் நன்றாகவே இருக்கின்றன. ராம் போட்டால் மௌனம். அதாவது ராமில் இருக்கும் எஸ்.பி.டி. சிப்பைப் படித்து 'ராம் இருக்கிறது' என்று நம்பிவிடுகிறது. அதன்பின் ராமை உண்மையாகப் பயன்படுத்தப் போகும் இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. எஸ்.பி.டி. சிப்புக்குத் தனி மின்சாரம், தனி ஒயர். அது படிப்பதால் மெமரி சிப்புகளுக்கான மின்சாரம் சரியென்று ஆகிவிடாது.

எனவே மல்டிமீட்டர். டி.டி.ஆர்.3க்கு முக்கிய சப்ளை 1.5 வோல்ட், ஸ்லாட் அருகே இருக்கும் காயிலில் வைத்துப் பார்த்தால் 1.5 இருந்தது. பலர் இதோடு நிறுத்திவிட்டு, மெமரி கன்ட்ரோலர் இருக்கும் நார்த் பிரிட்ஜ் போய்விட்டது என்று போர்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். டெர்மினேஷன் சப்ளை என்று இன்னொன்று உண்டு. முக்கிய சப்ளையில் பாதி, 0.75 வோல்ட். முகவரி, கட்டளை ஒயர்களின் சிக்னல் திரும்பி அடிக்காமல் இருக்க அது தேவை. ராம் ஸ்லாட்டில் 120, 240ஆம் பின்களுக்கு அது வர வேண்டும். இங்கே வந்தது கிட்டத்தட்டப் பூஜ்யம். ஸ்லாட் ஓரத்தில் இருந்த எட்டுக் கால் ரெகுலேட்டருக்கு உள்ளே போகும் 1.5 இருந்தது, அவுட்புட் இல்லை. ஐ.சி.யைக் கழற்றிய பின் அந்த லைன் தரையோடு ஷார்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழுதான இன்னொரு போர்டிலிருந்து அதே எண் ஐ.சி.யை எடுத்து வைத்தோம். 0.75 வந்தது, எண்ணும் C1ஐத் தாண்டி ஓடியது.

எண்ணின் பொருள் பயாஸுக்கு பயாஸ் மாறும். ராமே இல்லாதபோது இந்த அவார்டு C1இல் நின்றது, ஏ.எம்.ஐ.யின் ஆப்டியோ பயாஸ் 55 காட்டும். ஆகவே பயாஸ் யாருடையது என்று தெரிந்த பிறகே பட்டியலைத் திறக்க வேண்டும். போர்டின் மேனுவல் கிடைத்தால் கார்டோடு வந்த கையேட்டை ஓரமாக வைத்துவிடலாம்.

சில போர்டுகளில் கார்டு பொய் சொல்லும். இன்டெலின் ஐ.சி.எச்.6 தொடங்கி வந்த சவுத் பிரிட்ஜ்களில் 80h எண்கள் பி.சி.ஐ. பக்கம் போவதா, எல்.பி.சி. பக்கம் போவதா என்று தீர்மானிக்க ஒரு பிட் உண்டு. அது தொடக்கத்தில் எல்.பி.சி. பக்கமே இருக்கும். பயாஸ் அதை மாற்றும்வரை பி.சி.ஐ. கார்டுக்கு எதுவும் வராது. அதனால் அந்தப் போர்டுகளில் FF நிற்பதை மட்டும் வைத்து ப்ராசசர் ஓடவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பி.சி.ஐ. ஸ்லாட்டே இல்லாத புதிய போர்டுகளில் இந்தக் கார்டுக்கு வேலை இல்லை. சிலவற்றில் டி.பி.எம். ஹெடரில் எல்.பி.சி. கார்டு போடலாம். ஆனால் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, மாற்றிச் செருகினால் 3.3 வோல்ட் சிக்னல் பின்னில் ஏறிவிடும். அந்த ஹெடரின் பின்களை மேனுவல் பார்த்து அடையாளம் காண்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.