கையெழுத்து வேண்டும், காகிதம் வேண்டாம்

சான்றிதழ்களிலும் அழைப்பிதழ்களிலும் அச்சான கையெழுத்தைச் சுற்றி ஒரு வெளிறிய கட்டம் தெரிவதைப் பலரும் பார்த்திருப்போம். கட்டத்தை நீக்கியிருந்தாலும், எழுத்தின் ஓரம் நெடுக வெள்ளைப் பொருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மையைத் தனியாகப் பிரிக்காமல், கையெழுத்தைக் காகிதத்தோடு சேர்த்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து காகிதத்தை முழுவதும் கழித்து மையை மட்டும் எடுக்க முடியும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மை எங்கே முடிகிறது, காகிதம் எங்கே தொடங்குகிறது என்பதைப் படத்தின் எண்களில் படிக்கத் தெரிந்தால் போதும்.

இப்படி ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். மறைந்த தலைமையாசிரியர் ஒருவருக்கு நினைவு மலர் தயாராகிறது. அவர் பல ஆண்டுகளுக்கு முன் நீல மையில் எழுதிய கடிதம் ஒன்று குடும்பத்தாரிடம் இருக்கிறது. காகிதம் பழுப்பேறியிருக்கிறது. மலரின் அட்டை அடர்ந்த அரக்கு நிறம். அதன்மேல் அவருடைய கையெழுத்து சந்தன நிறத்தில் வர வேண்டும் என்று குடும்பத்தார் விரும்புகிறார்கள். வெட்டி ஒட்டுகிற வழி இங்கே எடுபடாது.

ஏன் எடுபடாது என்பதை ஓரத்தில்தான் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கினால், மைக்கோட்டின் நடுவில் உள்ள பிக்சல்கள் அடர்நீலமாகவும், வெளியில் உள்ளவை காகித நிறமாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு இடைப்பட்ட நிறங்கள் வரும். அந்த ஒவ்வொரு பிக்சலிலும் கொஞ்சம் மையும் கொஞ்சம் காகிதமும் கலந்திருக்கின்றன. டம்ளரில் இருக்கும் காபியில் டிகாக்‌ஷன் எவ்வளவு, பால் எவ்வளவு என்று நிறத்தை வைத்தே சொல்வதுபோல, ஒவ்வொரு பிக்சலிலும் மையின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். இந்த வேலையின் சாரமே அதுதான்.

வேர்டில் உள்ள "Set Transparent Color" இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நாம் தொட்டுக் காட்டும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் அது நீக்கும். ஸ்கேன் செய்த காகிதத்திலோ ஒரே நிறம் இருக்காது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற வெள்ளையில் நூற்றுக்கணக்கான சாயல்கள் உண்டு. ஒரு சாயல் போய் மற்றவை தங்கிவிடும். ஓரத்துப் பிக்சல்கள் காகிதத்தின் பங்கையும் சுமந்தபடி அப்படியே நிற்கும். அரக்கு அட்டையில் வைத்ததும் வெள்ளைப் பொருக்காகத் தெரிவது அவைதான்.

மையின் பங்கைக் குறித்துவைக்கப் படத்திலேயே ஓர் இடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஆல்ஃபா என்ற எண்ணையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் கொடுக்கலாம். அது 0 என்றால் பிக்சல் முழுக்க ஒளிபுகும், 255 என்றால் முழுக்க மறைக்கும், 128 என்றால் பின்னணி பாதி தெரியும். 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கிய ஏற்பாடு இது. 1996இல் வெளிவந்த பிஎன்ஜி கோப்பு வகையில் இந்த நான்காவது எண்ணுக்கு இடம் உண்டு. ஜேபெக்கில் இல்லை. பாடுபட்டு எடுத்த கையெழுத்தை ஜேபெக்காகச் சேமித்தால் பின்னணி மறுபடி நிரம்பிவிடும்.

வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. வண்ண ஸ்கேன், 600 டிபிஐ. ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள கையெழுத்து இந்த அளவில் ஏறத்தாழ 1,400 பிக்சல் அகலம் வரும். அச்சில் அதை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் உடையாது. கறுப்பு-வெள்ளை முறையைத் தொடவே கூடாது. அது ஒவ்வொரு பிக்சலையும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை என்று முடிவுகட்டிவிடும். நமக்குத் தேவையான இடைநிறங்கள் அங்கேயே அழிந்து, ஓரம் படிக்கட்டாகிவிடும். கோப்பைப் பிஎன்ஜி அல்லது டிஃப் வகையில் சேமிக்க வேண்டும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், மைக்கோட்டைச் சுற்றி மெல்லிய புள்ளிக் கறைகளை உண்டாக்கும். கடிதத்தின் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்தால் அது பெருமளவு அடங்கிவிடும்.

அடுத்தது பழுப்பு. வண்ணப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு காகிதத்தை நீக்க முயன்றால் கறை முரண்டு பிடிக்கும். அதன் மூன்று எண்களையும் தனித்தனியே பார்த்தால் வழி தெரியும். பழுப்பேறிய இடத்தில் சிவப்பு 232, பச்சை 214, நீலம் 170 என்று வைத்துக்கொள்வோம். மையில் சிவப்பு 45, பச்சை 62, நீலம் 128. நீல எண்ணில் காகிதத்துக்கும் மைக்கும் வித்தியாசம் வெறும் 42. சிவப்பு எண்ணிலோ 187. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். நீல மை அதற்கு நேர்மாறு. ஆகவே படத்தின் சிவப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், கறை ஏறக்குறைய மறைந்து, மை கன்னங்கரேலென்று நிற்கும். சிவப்பு மையில் போட்ட கையெழுத்தாக இருந்தால் இந்த வழி உதவாது. அதற்குப் பச்சைப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் கையெழுத்தை மட்டும் வெட்டியெடுத்து, "Colors" பட்டியலில் "Components" என்பதன் கீழுள்ள "Extract Component" வழியாக "RGB Red" என்று தேர்ந்தால் சாம்பல் நிறப் படம் ஒன்று கிடைக்கும். இனி அதே பட்டியலில் "Levels". திறந்ததும் மலைபோன்ற வரைபடம் ஒன்று தெரியும். வலது பக்கம் உயர்ந்து நிற்கும் மேடு காகிதம். இடது பக்கம் இருக்கும் சிறு குன்று மை. அவற்றின் அடியில் மூன்று முக்கோணங்கள் இருக்கும். வலது கோடியில் உள்ள வெள்ளை முக்கோணத்தைக் காகித மேட்டின் இடது அடிவாரம்வரை, அதாவது நம் கடிதத்தில் 210 வரை, நகர்த்த வேண்டும். கறுப்பு முக்கோணத்தை 50இல் நிறுத்தலாம். 210க்கு மேல் உள்ளவை எல்லாம் தூய வெள்ளை, 50க்குக் கீழ் உள்ளவை எல்லாம் முழுக் கறுப்பு என்று ஆகிவிடும்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் மையின் பங்கு கணக்காகிறது. ஓரத்துப் பிக்சல் ஒன்று 130 என்றால், 210இலிருந்து அது 80 இறங்கியிருக்கிறது. மொத்த இறக்கம் 160. ஆகவே அதில் மை சரிபாதி. பேனா தாளை விட்டு எழும் இடத்தில் மெலிந்த இழை 190 என்று இருந்தால், இறக்கம் 20; மை எட்டில் ஒரு பங்கு. அந்த இழை மங்கலாக, ஆனால் உயிரோடு இருக்கும். காகிதம் இன்னும் பளிச்சென்று போகட்டும் என்று வெள்ளை முக்கோணத்தை 180க்கு இழுத்தால் அந்த இழை காணாமல் போய்விடும். கையெழுத்தின் வால் அறுந்தும், சுழிகள் விட்டுவிட்டும் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். கறுப்பு முக்கோணத்தை அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால் வேறொரு இழப்பு நேரும்: ஊற்றுப்பேனா அழுத்திய இடத்தில் அடர்ந்தும் விரைந்த இடத்தில் வெளிறியும் விடுகிற மையின் ஏற்ற இறக்கம் மறைந்து, கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப் போலத் தட்டையாகிவிடும்.

இப்போது "Color to Alpha". வெள்ளை நிறத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு பிக்சலிலும் உள்ள வெள்ளையின் பங்கைக் கழித்து, மீதியை ஆல்ஃபாவாக மாற்றிவிடும். எஞ்சுவது தூய கறுப்பு. அடர்த்தி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். லேயர் பட்டியலில் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு, வேண்டிய நிறத்தை "Edit" பட்டியலில் உள்ள "Fill with FG Color" மூலம் ஊற்றினால், மை இருந்த இடங்களில் மட்டும், இருந்த அளவுக்கே நிறம் ஏறும். சந்தன நிறத்தில் அரக்கு அட்டைமேல் வைத்தாலும் ஓரம் இயல்பாகக் கரையும். பழைய காகிதத்தின் நிறம் எந்தப் பிக்சலிலும் மிச்சமில்லாததால் பொருக்கு வர வழியே இல்லை.

சோதித்துப் பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பக் கூடாது. கையெழுத்தைக் கறுப்பாக்கி, அடியில் ஒரு வெள்ளை லேயரை வைத்து, நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் லேசான புகைமூட்டம் தெரிந்தால் காகிதம் முழுவதும் கழியவில்லை என்று பொருள். திரையில் தெரியாத அந்தப் புகை அச்சில் கட்டமாக வந்து நிற்கும். வெள்ளை முக்கோணத்தை இன்னும் சில எண்கள் உள்ளே தள்ளினால் போதும். கோடு போட்ட தாளாக இருந்தால், அந்த இளநீலக் கோடு இந்தக் கணக்கிலும் தப்பிப் பிழைக்கும். சிவப்பு எண் 170 உள்ள கோடு கால் பங்கு மையாகவே கணக்கில் வரும். அதை அழிப்பானால் கையாலேயே துடைக்க வேண்டும். கையெழுத்தை அது வெட்டிச் செல்லும் இடங்களை விட்டுவிடலாம். அடர்ந்த மைக்குள் அது தெரியாது. கையெழுத்தின்மேல் ஊதா நிற அலுவலக முத்திரை விழுந்திருந்தால்தான் சிக்கல். இரண்டு நிறங்களும் நெருக்கமானவை என்பதால் எந்தப் பகுதியிலும் தெளிவாகப் பிரியாது. வேறொரு கடிதத்தைத் தேடுவதே நல்லது.

செல்போனில் எடுத்த படத்துக்கு இந்த வழி நேரடியாக ஒத்துவராது. ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுந்திருக்கும். நிழலில் உள்ள காகிதம், வெளிச்சத்தில் உள்ள மெல்லிய மையைவிட இருண்டிருக்கக்கூடும். அப்போது ஒரே வெள்ளை முக்கோணம் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாது. லேயருக்கு ஒரு நகல் எடுத்து, எழுத்தே தெரியாத அளவுக்கு அதை "Gaussian Blur" மூலம் மங்கலாக்கி, அதன் முறையை "Divide" என்று மாற்றினால், நிழல் வகுபட்டுச் சமமாகிவிடும். அதன் பிறகு "Levels". ஆனாலும் ஸ்கேனர் கிடைக்கிற இடத்தில் இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

கடைசியாக, இப்படிக் கிடைக்கும் கோப்பைப் பத்திரமாக வைக்க வேண்டும். பின்னணியில்லாத கையொப்பத்தை எவரும் எந்தத் தாளிலும் வைத்துவிடலாம். அது சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையொப்பமும் ஆகாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் குறிப்பிடுவது மறைகுறியீட்டு முறையில் ஆவணத்தோடு பிணைக்கப்பட்ட கையொப்பத்தை. ஒட்டிய படத்தை அல்ல. பிடிஎஃப் கோப்புக்குள் தனிப் படமாக வைத்த கையொப்பத்தை ஆல்ஃபாவோடு சேர்த்து அப்படியே வெளியே எடுக்கவும் முடியும். ஆகவே உயிரோடு இருப்பவர் ஒருவரின் கையொப்பம் உள்ள ஆவணத்தை வெளியே அனுப்பும்போது, பக்கத்தையே தட்டையான ஒற்றைப் படமாக மாற்றி அனுப்புங்கள். அப்போது மை அந்தப் பக்கத்தோடு கலந்துவிடும். அதைத் திருட நினைப்பவர் தனிப் படத்தை உருவியெடுக்க முடியாது, நாம் செய்த வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். மூலக் கோப்பு குடும்பத்தாரிடமோ அலுவலகத்தில் பொறுப்பான ஒருவரிடமோ மட்டும் இருக்கட்டும்; அச்சகத்தின் கணினியில் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள்.